மார்த்தாண்ட வர்மாவுக்காகப் பேசிய மாணவி

பிள்ளைகளுக்குப் பிடிக்காத பாடப் புத்தகம் என்று ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் நான் அறிந்தவரை அந்தப் பெயரைச் சம்பாதித்திருப்பது சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா'. 1891-ஆம் ஆண்டு மதராஸில் அச்சாகி வெளிவந்த நூல். மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். கேரளத்துப் பள்ளிப் பாடத்திட்டத்திலும் பல்கலைக்கழகங்களிலும் வெவ்வேறு காலங்களில் இடம்பெற்று, பெரியவர்களால் போற்றப்பட்டும் பிள்ளைகளால் சபிக்கப்பட்டும் வருவது.

வெளியூர்களில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த நாவலின் பெயர்கூடத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூரில் 1720-களின் கடைசி ஆண்டுகள். ராம வர்மா மகாராஜா நோயுற்றுக் கிடக்கிறார். அடுத்துப் பட்டத்துக்கு வரவேண்டியவர் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா. மகாராஜாவின் சொந்த மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும், எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களுடன் சேர்ந்து இளவரசரைக் கொல்லப் பார்க்கிறார்கள். பஞ்சவன்காட்டில் வெட்டுப்பட்டு இறந்ததாக எல்லோரும் நம்பிய அனந்தபத்மநாபன் என்ற பிரபுவின் மகன், மாறுவேடங்களில் திரிந்து இளவரசரைக் காப்பாற்றுகிறான். சுபத்திரை என்ற பெண் சதிகளை அறிந்து சொல்லிப் பலரைக் காத்துவிட்டு, கடைசியில் தன் மாமன் குடமன் பிள்ளையின் வாளுக்குப் பலியாகிறாள்.

கேட்பதற்கு எம்.ஜி.ஆர். படம் போல இருக்கிறதல்லவா? பிறகு ஏன் பிடிக்கவில்லை என்றால், முதல் காரணம் நடை. கதாசிரியர் தாமே பேசும் இடங்களில் வடமொழி மண்டிய வாக்கியங்கள் பாதிப் பக்கம் ஓடும். மலையாளப் பிள்ளைகளே திணறுவார்கள். எல்லைப்புறத்துத் தமிழ் வீடுகளில் இதற்கு மேல் வேறு காரணங்களும் உண்டு. கதையின் வில்லன்களான தம்பிமார், நம் பக்கத்து வில்லுப்பாட்டில் நாயகர்கள். பப்புத் தம்பிக்குத் துர்ப்போதனை செய்யும் சுந்தரய்யனோ தமிழ் பேசுகிறவன். நம்மவன் வந்தால் சூழ்ச்சிக்காரனாகத்தான் வருவானா என்று கேட்காத தமிழ்த் தகப்பன் அந்தப் பக்கத்தில் குறைவு.

நான் இலக்கியம் கற்றவன் அல்லன். சிவில் டிப்ளமோவுடன் ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் தண்டவாளமும் பாலமுமாகக் கழித்து ஓய்வு பெற்றவன். பிறந்தது அந்த எல்லைப் பக்கம் என்பதால் ஆண்டுக்கு ஒரு தடவை போய் வருவேன். அப்படிப் போனபோது ஒரு பள்ளியின் பட்டிமண்டபத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் ஒரே வளாகத்தில் நடக்கிற பள்ளி. மேல்வகுப்பு மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய நூலாக 'மார்த்தாண்ட வர்மா'வின் சுருக்கப் பதிப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். அந்த நூலை நீக்க வேண்டும் என்பதே அன்றைய தீர்மானம். கட்சிக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஆறு நிமிஷம். ஐந்தாம் நிமிஷத்தில் ஒரு மணி. எந்த மொழியிலும் பேசலாம். முடிவு, கேட்டிருக்கும் மாணவர்கள் கை தூக்குவதில்.

நீக்க வேண்டும் என்றவர்களில் இரண்டாவதாக வந்த பையன் கெட்டிக்காரன். நடை கடினம் என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, இரண்டு விஷயங்களில் ஊன்றி நின்றான். ஒன்று, இது அரண்மனை வாசலில் நின்று எழுதிய கதை என்றான். தோற்றுப்போன பிள்ளைமாரின் பெண்டு பிள்ளைகளை முக்குவரிடம் ஒப்படைத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லப்படுகிறதே, அந்தச் சேதி இந்தப் புத்தகத்தில் எங்கே என்று கேட்டான். இன்னொன்று இன்னும் கூர்மையானது. அனந்தபத்மநாபன் போடும் வேடங்களில் முக்கியமானது பைத்தியக்காரச் சாணான் வேடம். இன்று நாடார் என்று வழங்கும் சமூகத்தை அந்தக் காலத்தில் அப்படி அழைத்தார்கள். "கதை முழுவதும் நம்மில் ஒருவன் வீரம் காட்டுகிறான் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போகிறோம். கடைசியில் வேடம் கலைந்தால் உள்ளே இருப்பவன் பிரபு வீட்டு மகன். நம் தோலை நமக்கே வேடமாகக் காட்டும் புத்தகத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்?" என்றான். கூரை அதிரக் கைதட்டல். அந்தப் பள்ளியில் பாதிக்கு மேல் அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கு மேல்தான் அந்தப் பெண் எழுந்தாள். பதினோராம் வகுப்பு, தமிழ் வீட்டுப் பெண். நான் எதிர்பார்த்தது ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பாள் என்று. சி.வி.யின் பிறந்த தேதி, முதல் சரித்திர நாவல், ஆங்கிலத்தில் வால்டர் ஸ்காட் மாதிரி என்று அடுக்குவார்களே, அப்படி. அவள் அதில் ஒன்றையும் தொடவில்லை. "முதல் அத்தியாயத்தைப் படிக்க எனக்கு நாலு சாயங்காலம் ஆச்சு" என்று தொடங்கினாள். எதிர்க்கட்சியே சிரித்துவிட்டது.

பிறகு கையில் இருந்த தடித்த புத்தகத்தைப் பிரித்தாள். பள்ளி கொடுத்த சுருக்கம் அல்ல. நூலகத்திலிருந்து எடுத்த முழு நூல். கதாசிரியரின் வாக்கியம் ஒன்றை மலையாளத்தில் ஒரே மூச்சில் படிக்கப் பார்த்து, பாதியில் மூச்சு வாங்கி நின்றாள். அடுத்து, பைத்தியக்காரன் பேசுகிற இடத்தைப் படித்தாள். அங்கே நடந்ததுதான் எனக்கு வியப்பு. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வரிக்கு வரி சிரித்தார்கள். மலையாள வகுப்பில் வடக்கேயிருந்து வந்து சேர்ந்த சில பிள்ளைகள் என்ன சொல்கிறான் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் சி.வி. தம் பாத்திரங்களை ஏட்டு மலையாளத்தில் பேசவிடவில்லை. தெற்குத் திருவிதாங்கூரின் பேச்சு, தமிழும் மலையாளமும் எங்கே பிரிகிறது என்று சொல்லமுடியாத அந்தப் பேச்சு, அவரவர் சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்ற நெளிவோடு அங்கே கிடக்கிறது. "இந்தப் புத்தகத்தில் நமக்குக் கஷ்டமான பாதி அவங்களுக்கும் கஷ்டம். அவங்களுக்குக் கஷ்டமான மற்றப் பாதி நமக்கு லேசு. பின்னே யாருக்குப் பாரம் அதிகம்?" என்று கேட்டாள். நடை பற்றிய குற்றச்சாட்டு அத்தோடு போயிற்று. நான் கேட்ட எத்தனையோ இலக்கியப் பேச்சுகளில் இப்படி ஒரு பரிசோதனை நடத்தி யாரும் காட்டியதில்லை. பாலத்தின் மேல் சுமை ஏற்றிப் பார்ப்பது போல, பக்கத்தைத் திறந்து சபையின் முன்னால் வைத்தாள்.

அடுத்து தம்பிமார் விஷயம். தன் பாட்டி ஊரில் அம்மன் கோவில் கொடையின்போது வில்லில் தம்பிமார் கதை கேட்டிருப்பதாகச் சொன்னாள். அந்தக் கதையில் தம்பிமார் துரோகிகள் அல்ல. அவர்களுடைய தங்கையை ராஜா பெண் கேட்கிறார், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கே பட்டம் என்று வாக்குக் கொடுத்தால் தருகிறோம் என்கிறார்கள், அவர் மறுக்கிறார், பகை மூளுகிறது. கேட்கிற சனம் தம்பிமாருக்காகவே கண்ணீர் விடும். "நாவல் ஒரு கதை சொல்லுது, வில்லு ஒரு கதை சொல்லுது. எது பொய்?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக் கணக்கையே எடுத்தாள்.

அந்தக் கணக்கை வாசகர்களுக்காக நான் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாவலின் ஆணிவேர் அதில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் அப்பாவின் வயல் பிள்ளைகளுக்கு. இதற்கு மக்கத்தாயம் என்று பெயர். அரச குடும்பத்திலும் அந்நாளைய நாயர் தரவாடுகளிலும் நடந்தது மருமக்கத்தாயம். அங்கே ஒருவனுடைய வாரிசு அவன் மகன் அல்லன், அவன் சகோதரியின் மகன். மகன் தன் தாய் வீட்டைச் சேர்ந்தவன். தகப்பன் அன்பாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே மருமக்கத்தாயத்தில் வளர்ந்த ஒருவர் கண்ணுக்கு, பட்டம் கேட்ட தம்பிமார் அப்பட்டமான கலகக்காரர்கள். மக்கத்தாயத்தில் வளர்ந்தவர் கண்ணுக்கு, தகப்பன் சொத்தை மகன் கேட்பதில் என்ன தப்பு? "தம்பிமார் கேட்டது மகன் பங்கு. இளவரசர் கேட்டது மருமகன் பங்கு. ரெண்டு பேருமே தன் வீட்டு நியாயப்படிதான் கேட்டாங்க. இந்தப் புத்தகத்தை நீக்கிட்டா நம்ம கையில் வில்லுப்பாட்டு மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் எதிராளி ஏன் சண்டை போட்டான்னே நமக்குத் தெரியாது" என்றாள். அந்தப் பையன் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டான்.

வேடம் பற்றிய கேள்விக்கு அவள் முதலில் சொன்ன பதில், "அவர் சொன்னது சரி" என்பது. சபை எதிர்பார்க்கவில்லை. உள்ளே இருந்தவன் பிரபு மகன் என்பது தனக்கும் கசந்தது என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். இளவரசரைத் தேடித் திரியும் ஈட்டிக்காரர்கள் நடுவே, இறந்ததாக எண்ணப்படும் ஒருவன் உலாவ வேண்டும். கதாசிரியர் எத்தனையோ வேடம் போட்டிருக்கலாமே, ஏன் இந்த வேடம்? யாரும் அந்தச் சாதிக்காரனின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள், அதிலும் பைத்தியம் என்றால் திரும்பியே பார்க்கமாட்டார்கள் என்று சி.வி.க்குத் தெரிந்திருக்கிறது. ஊரார் தாமே மறைக்க நினைத்த ஒன்றை, வேடத்துக்கு வசதி என்று எடுத்துக்கொண்டு அவர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பது அவள் வாதம். அதற்குள் மணி அடித்துவிட்டது. சுபத்திரையைப் பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்து, முடிக்காமல் உட்கார்ந்தாள்.

கை தூக்கியதில் தீர்மானம் நிறைவேறியது. நூலை நீக்கவேண்டும் என்றவர்களே அதிகம். ஆனால் பையன் பேசி முடித்தபோது தட்டிய கைகள் எல்லாம் எழவில்லை என்பதை நான் கவனித்தேன்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பேச்சில் ஓட்டை இருந்தது. பிள்ளைமாரின் பெண்டு பிள்ளைகள் பற்றிய கேள்வியை அவள் தொடவே இல்லை. தம்பிமார் கணக்கில் நேரம் போய்விட்டது. அதற்குப் பதில் இருக்கிறது. மீனவர்களிடம் ஒப்படைத்தது செவிவழிக் கதையாக வலுவாக வழங்குகிறது. சரித்திரக்காரர்கள் அதை ஒரே மாதிரி ஏற்கவில்லை. அது உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாவல் எதைச் சொல்லாமல் விட்டது என்று வகுப்பில் கேட்க வேண்டுமானால் அந்த நாவல் வகுப்பில் இருக்க வேண்டும். சரித்திரத்தில் மார்த்தாண்ட வர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டவர். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறித்தவர். நாவலில் வருபவரோ வீடு வீடாக ஒளிந்து ஓடுகிற இளைஞர். அரண்மனை வாசலில் நின்று எழுதியது என்று அந்தப் பையன் சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. துதி பாடுகிறவன் தன் ராஜாவை இத்தனை பக்கம் ஓடவிடமாட்டான்.

அவள் சொல்லாமல் விட்ட, எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்றும் உண்டு. இது என் தொழில் புத்தி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் ரயில் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று போகும் அந்தப் பாதையில் ஒரு நாள் பயணம் செய்தால் நாவலின் நிலம் முழுவதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக விரியும். கதையில் ஆட்கள் பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் களியக்காவிளையில் ஒரு எல்லைக்கோடு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஒரே கதையின் பாதி ஊர்கள் இந்த மாநிலம், பாதி அந்த மாநிலம். பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில்; பராமரிப்பது கேரள அரசு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோவில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பழம் பலாமரத்தின் அடிமரம் இருக்கிறது. அதன் பொந்தில் ஒளிந்து இளவரசர் தப்பினார் என்பது ஐதிகம். பாறசாலைப் பிள்ளை அந்த மரத்தைப் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இந்த நாவல் பிடிக்காமல் போக மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கோ, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அவர்கள் பாட்டன்மாரின் பேச்சு அச்சில் ஏறிய பெரிய புத்தகம் இது.

பாரம் என்ற புகார் பொய் இல்லை. கேரளத்தில் தமிழ் படிக்கும் பிள்ளை ஏற்கனவே மூன்று மொழி சுமக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியில் செய்த பிழை நாவலை வைத்தது அல்ல, சுருக்கத்தை வைத்தது என்பேன். அந்தச் சுருக்கத்தை நான் வாங்கிப் பார்த்தேன். சம்பவங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பேச்சு எல்லாம் போய்விட்டது. பைத்தியக்காரனும் பிரபுவும் ஒரே பாடப்புத்தக மலையாளத்தில் பேசுகிறார்கள். கடினமான பாதியை எளிதாக்கியவர்கள், நம் பிள்ளைகளுக்கு லேசாக இருந்த பாதியையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அந்தப் பெண் நூலகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அவளுக்கும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. முழு நூலில் மூன்றே மூன்று அத்தியாயம் போதும். வகுப்பில் உரக்கப் படிக்கட்டும். ஒரு பீரியடில் வில்லுக்காரர் ஒருவரை அழைத்துத் தம்பிமார் கதையைப் பாடவைக்கட்டும். நாவலுக்கு 1954-லேயே தமிழ் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் அதே ஆண்டுதான். வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்குத் தமிழ்ப் புத்தகம் உதவும். எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு மூலமே நல்லது. இரண்டு பேச்சும் கலந்து கிடப்பதுதான் அதன் ருசி, தமிழில் மட்டும் சொன்னால் அது தட்டையாகிவிடும்.

ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. அந்தச் சாதிப் பெயர் புத்தகம் முழுவதும் வருகிறது. அந்தச் சமூகத்துப் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ள அனுமதித்துத் திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859-இல், அப்போது சி.வி. ஒரு வயதுக் குழந்தை. அந்தப் போராட்டத்தில் அடிபட்டவர்களின் பேத்திகளுடைய பேத்திகள் இன்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை எழுப்பி அந்தச் சொல்லை உரக்கப் படிக்கச் சொல்லலாமா? சொல்லை மாற்றி அச்சடிக்கலாம் என்கிறார் என் மைத்துனர். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாற்றினால் அந்த வேடம் ஏன் பலித்தது என்பதே புரியாமல் போகும் என்பது என் கட்சி. அந்தப் பக்கங்களை ஆசிரியரே படிக்க வேண்டும், படிப்பதற்கு முன் 1859-ஐப் பற்றி ஒரு பீரியட் பேச வேண்டும் என்றேன். பேசத் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.